பிளாஷ் போட்டு எடுத்த முகப்படத்தில், பின்சுவரில் விழுந்த நிழலை நீக்கும் முறை

சுவருக்கு மிக அருகில் நிற்கும் ஒருவரை, கமெராவிலேயே உள்ள பிளாஷைப் பயன்படுத்தி நெருக்கமாகப் படம் எடுத்தால், அவருடைய தலையின் வடிவம் கூர்மையான ஓரத்துடன் பக்கத்துச் சுவரில் கறுப்பாகப் பதிந்துவிடும். மறுபடியும் எடுக்க முடியுமானால் அவரைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றர் அளவுக்கு முன்னே கொண்டுவந்து எடுப்பதே சிறந்தது. நிழல் கீழே இறங்கி, மங்கி, பெரும்பாலும் படத்துக்கு வெளியே போய்விடும். ஆனால் கொழும்புத் தொடர்மாடி வீடுகளின் வரவேற்பறையில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது என்பதோடு, முடிந்துபோன ஒரு விசேஷத்தின் படத்தைத் திரும்ப எடுக்கவும் இயலாது. அத்தகைய படத்தை, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் எவ்வாறு சீர்செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் படம், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் என் மச்சாளின் பிறந்தநாளன்று இரவில் எடுத்தது. சுவர் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை; கூரையில் மஞ்சள் ஒளி தரும் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. கமெராவை நிமிர்த்திப் பிடித்ததால் பிளாஷ் இடப்பக்கத்துக்கு வந்துவிட, நிழல் அவருடைய இடக்காதுக்கு அப்பால், படத்தின் வலப்புறத்தில் விழுந்தது. தலையில் கறுத்த முடி, அதில் மல்லிகைச் சரம், காதில் ஜிமிக்கி, தோளில் வெளிர் நிறச் சேலை ஆகியவை அந்த நிழலைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. முகப்படங்களில் வழக்கமாகச் சிக்கல் தருபவை எல்லாம் இந்த ஒரே படத்தில் இருக்கின்றன.

நிழல் எதனால் ஆனது?

நிழல் என்பது சுவரின் மேல் பூசப்பட்ட கறை அன்று. பிளாஷின் ஒளி எட்டாமல், அறையின் மின்குமிழ் ஒளி மட்டும் பட்ட சுவர்ப்பகுதிதான் அது. ஆகவே சுவரின் அமைப்பும் நிறமும் அங்கே இருட்டாக இருந்தாலும் அழியாமல் இருக்கின்றன. பிளாஷ் ஒளி பகல் வெளிச்சத்தின் நிறம் கொண்டது, மின்குமிழ் ஒளியோ மஞ்சளானது என்பதால், நிழல் பக்கத்துச் சுவரைவிட இருண்டிருப்பதோடு மஞ்சளித்தும் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் நிழலை வெறுமனே வெளுப்பாக்கிவிட்டு, அங்கே ஒரு மஞ்சள் திட்டு எஞ்சுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணங்களையும் தனித்தனியே, வெவ்வேறு அளவில் உயர்த்தினால் மட்டுமே நிழல் சுவரோடு ஒன்றாகும்.

பக்கத்துச் சுவரிலிருந்து துண்டுகளை எடுத்து நிழலின் மேல் ஒட்டும் முறையைப் பலர் கையாள்கிறார்கள். அதில் ஒவ்வொரு முடியிழையையும் சுற்றி வெட்ட வேண்டியிருப்பதால், தலை காகிதத்தில் கத்தரித்து ஒட்டியது போல ஆகிவிடுகிறது. நான் இங்கே பரிந்துரைக்கும் முறை நிழலின் நிற எண்களைப் பெருக்கி உயர்த்துவது. பெருக்கும்போது நடுத்தர இருளில் உள்ள சுவர் வெகுவாக உயரும். ஏறக்குறைய கறுப்பாக உள்ள முடியோ மிகச் சிறிதளவே உயரும். அதனால் முடியின் ஓரத்தை நுணுக்கமாக வெட்டவேண்டிய அவசியமே எழுவதில்லை.

படி 1: எண்களை அளத்தல்

படத்தைத் திறந்தவுடன் அதை `.xcf` கோப்பாகச் சேமித்து, `Layer > Duplicate Layer` மூலம் லேயரின், அதாவது பட அடுக்கின், பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளவும். இனிச் செய்வதெல்லாம் அந்த மேல் லேயரில்தான். பிறகு `Color Picker` கருவியைத் தெரிவுசெய்து, அதன் தெரிவுகளில் `Sample average` என்பதை இயக்கி, ஆரையைப் பத்துப் பிக்சல் அளவில் வைக்கவும். ஒற்றைப் பிக்சலை அளந்தால் நிறம் பிசகிய இரைச்சல் புள்ளி ஒன்றின் எண் கிடைத்துவிடக்கூடும் என்பதால் இந்தச் சராசரி தேவைப்படுகிறது. `Shift` விசையை அழுத்தியபடி சொடுக்கினால் எண்கள் தனிச் சாளரத்தில் தெரியும். அவை 0 முதல் 255 வரையான அளவில் காட்டப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

இரண்டு இடங்களை அளக்க வேண்டும். ஒன்று நிழலின் நடுப்பகுதி; மற்றது, அதே உயரத்தில், நிழலின் ஓரத்துக்குச் சற்றே வெளியே உள்ள வெளிச்சமான சுவர். பிளாஷ் ஒளி தூரம் போகப் போகக் குறைவதால் சுவரின் எந்த மூலையையும் எடுத்துக்கொள்வது சரிவராது. நம் படத்தில் வெளிச்சமான சுவர் சிவப்பு 196, பச்சை 188, நீலம் 172 என்றும், நிழல் முறையே 112, 98, 78 என்றும் வந்தன. நிழலில் நீலம் மற்ற இரண்டையும்விட அதிகமாகக் குறைந்திருப்பதைக் கவனிக்கவும். மேலே சொன்ன மஞ்சள் அதுதான்.

படி 2: நிழலை உயர்த்துதல்

நிழலின் எண்ணை 255ஆல் பெருக்கி, சுவரின் எண்ணால் வகுத்தால், நமக்குத் தேவையான அளவு கிடைக்கும்:

```
112 × 255 ÷ 196 = 146
 98 × 255 ÷ 188 = 133
 78 × 255 ÷ 172 = 116
```

`Colors > Levels` சாளரத்தைத் திறந்து, `Channel` என்ற இடத்தில் `Red` என்பதைத் தெரிவுசெய்யவும். `Input Levels` பகுதியின் வலக்கோடியில் 255 என்றிருக்கும் எண்ணை 146 ஆக மாற்றவும். அவ்வாறே `Green` வண்ணத்தில் 133, `Blue` வண்ணத்தில் 116 எனக் கொடுத்து, `OK` அழுத்தவும். முகமும் சேலையும் சுவரின் எஞ்சிய பகுதியும் இப்போது வெளிறி எரிந்துபோனவை போலத் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். நிழல் இருந்த இடம் மட்டும், கீழ் லேயரில் வெளிச்சமாக இருந்த சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டதா என்பதையே பார்க்க வேண்டும். மறுபடி அளந்து, மூன்று எண்களும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும்.

படி 3: திருத்தத்தை நிழலில் மட்டும் காட்டும் மாஸ்க்

`Layer > Mask > Add Layer Mask` சென்று `Black (full transparency)` என்பதைத் தெரிவுசெய்தவுடன் இந்த வெளிறிய லேயர் முழுவதும் மறைந்து, பழைய படம் மட்டும் தெரியும். இனி மாஸ்க்கில் வெள்ளை பூசும் இடத்தில் மட்டும் திருத்தம் வெளிப்படும்.

நிழலின் வெளி ஓரத்தை முதலில் கவனிப்போம். எவ்வளவு கூர்மையாகத் தோன்றினாலும் அந்த ஓரத்துக்கு ஓர் அகலம் உண்டு. பிளாஷின் முகப்பு 3 சென்ரிமீற்றர் அகலம், கமெராவுக்கும் ஆளுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர், ஆளுக்கும் சுவருக்கும் இடையே 30 சென்ரிமீற்றர் என்றால், வெளிச்சமும் நிழலும் கலக்கும் பட்டை சுவரில் ஏறத்தாழ முக்கால் சென்ரிமீற்றர் இருக்கும். 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள காட்சி 3000 பிக்சலில் பதிவாகியிருந்தால் அது கிட்டத்தட்ட 38 பிக்சல். உங்கள் படத்தைப் பெரிதாக்கி அந்தப் பட்டையின் அகலத்தைக் கண்ணால் மதிப்பிட்டுக்கொண்டாலும் போதும்.

`Free Select` கருவியால் அந்தப் பட்டையின் நடுவே கோடு இழுத்து, நிழலைச் சுற்றி வரவும். ஆளின் பக்கத்தில் கோடு முடிக்குள்ளும் தோளுக்குள்ளும் தாராளமாக நுழையலாம். பிறகு தெரிவின் ஓரத்தை மென்மையாக்க `Select > Feather` சென்று மதிப்பிட்ட பிக்சல் அளவைக் கொடுத்து, மாஸ்க் தெரிவாகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, தெரிவை வெள்ளையால் நிரப்பவும். நிழல் மறைந்துவிடும். வெளி ஓரத்தில் கருங்கோடு எஞ்சினால் கோடு உள்ளே தள்ளிப்போயிருக்கிறது என்றும், பளிச்சென்ற விளிம்பு தோன்றினால் வெளியே போய்விட்டது என்றும் அறியலாம். பின்னோக்கிச் சென்று தெரிவைச் சற்றே நகர்த்தி மீண்டும் நிரப்பவும். ஓரம் சரியானதும் `Select > None` மூலம் தெரிவை நீக்கிவிடவும்.

படி 4: முடி, தோல், துணி

ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு கவனிப்பைக் கேட்பதால் இந்தப் படியில் அவசரப்படலாகாது. கறுத்த முடி பெரும்பாலும் அப்படியே விடத்தக்கது. 22 என்று இருந்த முடி 40 சொச்சத்துக்கு உயர்ந்தாலும் கறுப்பாகவே தோன்றும். சுவரின் மேல் பறந்துநிற்கும் தனி இழைகளும் அழியாமல் தங்கும். முடியின் உட்பகுதியில் மாஸ்க்கின் வெள்ளை நீண்டிருந்தால், பெரிய மென்மையான கறுப்புத் தூரிகையால் அதைப் படிப்படியாகக் குறைக்கவும்.

காது, கன்னம், மல்லிகை, சேலை ஆகியவற்றில் இந்தத் தாராளம் செல்லாது. அவை ஏற்கெனவே வெளிச்சமானவை என்பதால் பெருக்கியவுடன் விவரம் முற்றாகப் போய் வெறும் வெள்ளையாகிவிடும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, `2. Hardness 075` போன்ற ஓரளவு கூர்மையான சிறு தூரிகையால், பொருளின் எல்லைவரை கறுப்புப் பூசி அவற்றை மீட்டெடுக்கவும். ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே, மல்லிகை மொட்டுகளுக்கு இடையே தெரியும் சிறு சுவர்த் துண்டுகளை மறந்துவிடுவது வெகு இயல்பு; அவை இருட்டாகவே எஞ்சினால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். அந்த இடைவெளிகளில் மிகச் சிறிய தூரிகையால் வெள்ளை பூசவும். நரைத்த முடி உள்ளவர்களின் படத்தில் முடியையும் துணியைப் போலவே நடத்த வேண்டும் என்பதால் வேலை நிச்சயம் கூடும்.

படி 5: எஞ்சிய தடங்கள்

`Layer > New from Visible` மூலம் இதுவரை செய்தது முழுவதையும் ஒரே லேயராக மேலே எடுத்துக்கொள்ளவும். ஓரப் பட்டை இருந்த இடத்தில் மெல்லிய கோடு எங்கேனும் தெரிந்தால், `Heal` கருவியை எடுத்து, பக்கத்துச் சுவரில் `Ctrl` அழுத்திச் சொடுக்கி மாதிரி எடுத்து, கோட்டின் மேல் சிறு சிறு சொடுக்குகளாக வைக்கவும். தலைமுடிக்கு மிக அருகில் இந்தக் கருவி கறுப்பை இழுத்துச் சுவரில் தேய்த்துவிடும். அங்கே மட்டும் `Clone` கருவி ஏற்றது.

கண்ணுக்குத் தெரியாத திட்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. மீண்டும் ஒரு `New from Visible` எடுத்து, அதில் `Levels` சென்று, இடக்கோடி எண்ணை 150 ஆகவும் வலக்கோடி எண்ணை 220 ஆகவும் வைக்கவும். சுவரின் சிறு வேறுபாடுகளெல்லாம் பெரிதாகித் தெரியும். திட்டு இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இந்தச் சோதனை லேயரை நீக்கிவிட்டு, அந்த இடங்களைத் திருத்தவும்.

இன்னொன்று இரைச்சல். நம் படத்தில் நீலம் 2.2 மடங்கு உயர்த்தப்பட்டிருப்பதால், நிழலிருந்த சுவர் மற்றச் சுவரைவிடப் புள்ளி புள்ளியாகத் தோன்றலாம். உயர்த்திய லேயரின் படத்தைத் (மாஸ்க்கை அன்று) தெரிவுசெய்து `Filters > Enhance > Noise Reduction` செய்தால் அது அடங்கும். இதை நான்காம் படி முடிந்தவுடனேயே, ஐந்தாம் படியின் கூட்டு லேயரை எடுக்கும் முன் செய்துகொள்வது நல்லது.

இந்த முறை எங்கே கைவிடும் என்பது அளந்த எண்களிலேயே தெரிந்துவிடும். அறையில் வேறு விளக்கே இல்லாமல் எடுத்த படத்தில் நிழல் 25 அல்லது 30 என்ற அளவுக்கு விழுந்திருந்தால், அதை ஆறேழு மடங்கு பெருக்க வேண்டியிருக்கும். கிடைப்பது சுவராக இராது, நிறக் கட்டங்களும் புள்ளிகளுமாகவே இருக்கும். முடியும் நிழலும் ஏறத்தாழ ஒரே இருளில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே வெளுக்கும். `RAW` கோப்பு கைவசம் இருந்தால் அதிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். `JPEG` மட்டும்தான் உண்டென்றால், முடியைப் பொறுமையாக வெட்டியெடுத்து, புதிய சுவரைப் பின்னால் வைக்கும் பழைய வழியைத்தான் நாட வேண்டும்.