சைகைமொழி உரைபெயர்ப்பாளர் கூடவே வரக்கூடிய மாதிரி ஒரு பேச்சைத் திருத்துவது எப்படி

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்த டெங்கு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வைத்தியர் ஒருவரின் பேச்சைத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. முன்வரிசையில் காது கேளாதவர்கள், மேடையின் ஓரத்தில் ஒரு சைகைமொழி உரைபெயர்ப்பாளர். அந்தப் பேச்சையே உதாரணமாக வைத்துச் செய்முறையைச் சொல்கிறேன். உரைபெயர்ப்பாளரை எங்கே தேடுவது, மேடையில் வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எல்லாம் இங்கே தொடவில்லை. கையில் ஒரு பேச்சு இருக்கிறது, அதை என்ன செய்வது என்பது மட்டும்தான்.

முதலில் நீளத்தைக் குறையுங்கள். 20 நிமிடம் தந்திருந்தால் 13, 14 நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம், மீதி நேரம் இடைவெளிகளுக்குப் போய்விடும். ஆங்கில வழிகாட்டிகளில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று போட்டிருப்பார்கள், தமிழுக்கு அந்தக் கணக்கு சரிவராது, நம்முடைய சொற்கள் நீளமானவை. ஃபோனில் குரலைப் பதிந்து நேரம் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

வினையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வைத்தியர் எழுதியிருந்த ஒரு வசனம் இது:

"மழை விட்டதும் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் தேங்கும் இடங்களில் எல்லாம் முட்டையிட்டுப் பெருகி, பகலில் நம்மைக் கடிக்கும் இந்த நுளம்புகளின் குடம்பிகளை அழிக்காமல் புகை அடித்தால் மட்டும் போதும் என்று நினைப்பது சரியில்லை."

படிக்கும்போது குழப்பம் இல்லை, நல்ல தமிழ்தான். ஆனால் உரைபெயர்ப்பாளரின் பக்கத்தில் இருந்து பாருங்கள். யார் முட்டையிடுகிறார்கள் என்பது பாதி வசனத்துக்குப் பிறகுதான் வருகிறது. "சரியில்லை" கடைசிச் சொல். அதுவரை அவர் எல்லாவற்றையும் மனதில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். பொறுக்காமல் "புகை அடித்தால் போதும்" என்று கையைத் தொடங்கிவிட்டால், பின்னால் வரும் "சரியில்லை" அதைத் திருப்பிப் போட்டுவிடும், பார்ப்பவருக்கு இரண்டு முரணான செய்தி போகும். உரைபெயர்ப்பாளர் ஒத்திகையில் என்னிடம் சொன்னதும் இதுதான்: "அண்ணா, வசனம் எங்க போகுதெண்டு தெரியாமல் எனக்குக் கை தூக்க ஏலாது."

திருத்திய பிறகு இப்படி வந்தது, கோடுகள் பேச்சாளர் நிற்க வேண்டிய இடங்கள்:

"டெங்கு நுளம்பைப் பற்றிச் சொல்கிறேன். // அது பகலில் கடிக்கும். // தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். // சிரட்டை, / டயர், / பூச்சாடித் தட்டு. // இவற்றில் மழைத் தண்ணீர் தேங்கும். // புகை அடித்தால் பறக்கும் நுளம்பு சாகும். // தண்ணீருக்குள் இருக்கும் குடம்பி சாகாது. // கிழமைக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள்."

யாரைப் பற்றி என்பது முதலில், அப்புறம் ஒரு வசனத்துக்கு ஒரு வினை. "செய்யாமல்", "என்று நினைப்பது", "இருந்தும்" என்று வசனத்தை நீட்டும் சொல் எங்கே வந்தாலும் அங்கே வெட்டலாமா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வெட்டவேண்டியதில்லை, கதை மாதிரி வரிசையாகப் போகும் வசனத்தை விட்டுவிடலாம். கடைசிச் சொல் முழு வசனத்தையும் மறுக்கிறதா, அதை மட்டும் கட்டாயம் உடையுங்கள்.

இன்னொன்று, ஒரே பொருளுக்கு ஒரே சொல். ஒரு தடவை நுளம்பு, அடுத்த தடவை கொசு, பிறகு "இந்த எமன்" என்று மாற்றிப் பேசுவது மேடையில் அழகுதான். மொழிபெயர்ப்பவருக்கோ மூன்று வேறு விஷயமா என்ற சந்தேகம் வரும். எங்கள் உரைபெயர்ப்பாளர் சிங்களத்தில் படித்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர், அவருக்கும் "கொசு" ஒரு கணம் யோசிக்க வேண்டிய சொல்.

மரபுத்தொடரைத் தேடிப் பிடிப்பது

"வயிற்றில் புளியைக் கரைக்கும்" போன்றவை கண்ணில் படும், எளிதாக எடுத்துவிடலாம். ஒளிந்திருப்பவைதான் சிக்கல். நான் செய்வது: கை, கண், தலை, வாய், வயிறு, மூச்சு, உயிர் என்று உடலுறுப்புச் சொற்களை ஒவ்வொன்றாகக் கோப்பில் தேடுவது. "நோய் தலைகாட்டும்", "முயற்சியைக் கைவிடாதீர்கள்", "அப்பாடா என்று மூச்சு விடுவோம்" எல்லாம் வரிசையாக வந்து விழும். சுகாதாரப் பேச்சில் இதை விடவே கூடாது. அதே பேச்சில் வயிற்று வலி என்பது நிஜமான நோய்க்குறி. பயத்தைச் சொல்ல வயிற்றை இழுத்தால், வேகத்தில் கை வயிற்றுக்குப் போய், பார்ப்பவர் அதையும் ஒரு அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சில் மிக முக்கியமான வரி இது: "காய்ச்சல் விட்டுவிட்டதே என்று மூச்சு விடாதீர்கள், வயிற்றில் புளியைக் கரைக்கும் கட்டமே அப்போதுதான்." டெங்குவில் உடல் சூடு இறங்கும் சமயத்தில், பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். அதைத்தான் வைத்தியர் சொல்ல வந்தார். ஆனால் "மூச்சு விடாதீர்கள்" என்பதை அப்படியே சைகையில் போட்டால் என்ன ஆகும்! நாங்கள் மாற்றியது:

"டெங்குக் காய்ச்சல் வந்து 3 நாள் போகும். // உடல் சூடு குறையும். // சுகமாகிவிட்டது என்று நினைப்போம். // கவனம். // ஆபத்து அப்போது தொடங்கலாம். // கடுமையான வயிற்று வலி, / நிற்காத வாந்தி, / இரத்தக் கசிவு, / அதிக சோர்வு. // ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்."

மரபுத்தொடரை எடுத்த இடத்தில் இன்னொரு அழகான தொடரைத் தேடாதீர்கள். அது யாருக்கு என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டு, அந்தப் பதிலையே எழுதுங்கள்.

வேகம்

மெதுவாகப் பேசுங்கள் என்றால் பலர் சொற்களை இழுக்கிறார்கள். அதில் பயனில்லை, வினை வர இன்னும் தாமதமாகும். வழக்கமான வேகத்தில் ஒரு வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு நிற்க வேண்டும். மேலே போட்டிருக்கும் ஒற்றைக் கோடு ஒரு மூச்சு, இரட்டைக் கோட்டில் ஓரக்கண்ணால் உரைபெயர்ப்பாளரின் கையைப் பார்க்க வேண்டும். அவர் எப்போதும் சில விநாடி பின்னால்தான் வருவார், அது இயல்பு, ஒவ்வொரு கோட்டிலும் முழுதாகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் இருந்து அடுத்ததுக்குத் தாவும்போது கை ஓயும் வரை நில்லுங்கள். அவர் தலையாட்டுவதை நம்பவேண்டாம், மரியாதைக்கு ஆட்டுவார்கள்.

திரையில் படம் வரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். காது கேளாதவர் படத்தையும் சைகையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. குடம்பிப் படத்தைப் போட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, பிறகு பேசுங்கள்.

ஃபோனில் வாசிப்பதை விடத் தாள்தான் நல்லது என்பேன், பெரிய எழுத்தில், கோடுகளைச் சிவப்புப் பேனாவால் போட்டு. ஒரு பிரதியை மூன்று நாளாவது முன்கூட்டியே உரைபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். மருந்துப் பெயர், ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள், தெரியாத பெயரை விரலால் எழுத்து எழுத்தாகக் காட்ட நேரம் போகும். கடைசி நிமிடத்தில் வசனத்தை மாற்றினால் மாற்றிய வரியைக் காட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: பழமொழி, குறள் எதுவும் இல்லாவிட்டால் பேச்சு வறண்டுவிடாதா என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். குறளை எடுக்க வேண்டாம். முதலில் அதன் கருத்தைச் சாதாரண வசனத்தில் சொல்லுங்கள், கை ஓய்ந்ததும் குறளைச் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளருக்குக் கருத்து ஏற்கெனவே கையில் இருக்கும். கேள்வி நேரம் பற்றியும் கேட்டார்கள். கேள்வி பதிலை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது, அதனால் கேள்வியை வைத்தியர் ஒலிவாங்கியில் ஒரு தடவை சுருக்கித் திரும்பச் சொல்லட்டும், அந்த இடைவெளியில் உரைபெயர்ப்பாளர் கேள்வியை முடித்துவிடுவார், பதில் அப்புறம் வரட்டும்.