பழைய பாஸ்வேர்டு திறக்கக் கூடாது: ஹோம்ஸ்டே வைஃபையைப் பிரித்து, மாற்றி, சோதிக்கும் முறை

முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்விட்டுக் கன்னியாகுமரி வரும் குடும்பங்கள் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்களில் ஒரே அறையில் வாரத்துக்கு நாலைந்து குடும்பம் மாறும். எல்லோருக்கும் வீட்டு வைஃபையின் ஒரே பாஸ்வேர்டைத்தான் ரொம்ப நாள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மாடியில் தங்கியிருந்த தம்பி ஒருவர் கீழே இறங்கி வந்து, "அக்கா, உங்க லேப்டாப்ல Scan-னு ஒரு ஃபோல்டர் எங்க போன்ல தெரியுது. உள்ளே ஆதார் காப்பியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். பிரிண்டரில் ஸ்கேன் செய்தால் நேராக லேப்டாப்புக்கு வரவேண்டும் என்பதற்காக எப்போதோ அந்த ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தோம். எங்களை நம்பி அடையாள அட்டை கொடுத்த அத்தனை பேரின் காப்பியும் அதில் இருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு கற்றுக்கொண்டு செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபோல்டரை மூடுங்கள்

விண்டோஸ் லேப்டாப்பில் Command Prompt-ஐ Run as administrator கொடுத்துத் திறந்து இதை அடியுங்கள்.

```
net share
```

எந்தெந்த ஃபோல்டர் பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் வரும். C$, D$, ADMIN$, IPC$ போல $ குறியில் முடிபவை பொதுவாக விண்டோஸ் தானே வைத்துக்கொள்பவை, அவற்றை விட்டுவிடுங்கள். வேறு பெயர் ஏதாவது இருந்தால் அதுதான் நாம் திறந்து வைத்தது. என்னுடையதை இப்படி மூடினேன்.

```
net share Scan /delete
```

இதனால் ஃபோல்டர் அழியாது, பகிர்வு மட்டும் நிற்கும். இப்போது பிரிண்டரை யு.எஸ்.பி கேபிளில் போட்டுத்தான் ஸ்கேன் செய்கிறேன். ஆதார் கொடுப்பவர்களிடம் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இருந்தால் அதையே வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு ரௌட்டர்: எது வெளியே, எது உள்ளே?

நான் சறுக்கிய இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

இணைய இணைப்போடு வந்த பெட்டி ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருந்தது. விருந்தினருக்கென்று புதிதாக ஒரு ரௌட்டர் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினேன். புது ரௌட்டரில் Guest Network-ஐ ஆன் செய்து, விருந்தினர் வீட்டு நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிட்டேன். லேப்டாப்பும் கேமரா டி.வி.ஆரும் பழையபடி முதல் பெட்டியிலேயே இருந்தன. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சும்மா ஒரு சோதனைக்கு, பழைய போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து பிரவுசரில் `192.168.1.1` என்று அடித்தேன். முதல் பெட்டியின் லாகின் பக்கம் திறந்தது. டி.வி.ஆரின் முகவரியை அடித்தேன், அதுவும் திறந்தது.

காரணம் இதுதான். புது ரௌட்டர் "வீட்டு நெட்வொர்க்" என்று தடுப்பது தனக்குக் கீழே இருப்பதை மட்டும். தனக்கு மேலே உள்ள முதல் பெட்டியும் அதில் மாட்டியிருப்பவையும் அதன் கணக்கில் "இணையம்". இணையத்துக்குப் போக விருந்தினருக்கு அனுமதி உண்டு, ஆகவே போகும் வழியில் இருக்கும் என் லேப்டாப்பையும் டி.வி.ஆரையும் தொட்டுவிட முடியும்.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், விருந்தினரை உள் அறையில் படுக்க வைத்துவிட்டு நாம் திண்ணையில் படுத்திருக்கிறோம். அவர்கள் வெளியே போக நம்மைத் தாண்டித்தான் போகவேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் போதும். விருந்தினர் முதல் பெட்டியில், நம் வீட்டுச் சாமான்கள் எல்லாம் இரண்டாவது ரௌட்டரில். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் தாமாக உள்ளே வர முடியாது.

கேபிளில் கவனம் வேண்டும். முதல் பெட்டியின் LAN துளையிலிருந்து இரண்டாவது ரௌட்டரின் WAN துளைக்குத்தான் போகவேண்டும். இரண்டாவதில் WAN துளை தனி நிறத்திலோ கொஞ்சம் தள்ளியோ இருக்கும். LAN துளையில் செருகினாலும் நெட் வரும், ஆனால் இரண்டும் ஒரே நெட்வொர்க்காகிவிடும், பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. அதேபோல் இரண்டாவது ரௌட்டர் Router Mode-இல் இருக்கவேண்டும், Access Point Mode-இல் இருந்தாலும் இதே கதைதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க லேப்டாப்பில் `ipconfig` அடியுங்கள். முதல் பெட்டியின் முகவரி `192.168.1.` என்று தொடங்கினால், லேப்டாப்பின் IPv4 Address `192.168.0.` போல வேறு ஒன்றில் தொடங்கவேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கேபிளையும் மோடையும் திரும்பப் பாருங்கள்.

முதல் பெட்டியில் இன்னும் மூன்று வேலை இருக்கிறது. நிர்வாக பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் லாகின் பக்கம் விருந்தினருக்குத் திறக்கும். அந்தப் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் பழைய பாஸ்வேர்டு அச்சாகியிருக்கும். பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனை அழுத்தி இணையவிடும் WPS-ஐ அணைத்துவிடுங்கள். AP Isolation அல்லது அதுபோன்ற பெயரில் ஓர் அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள், ஒரு விருந்தினரின் போன் இன்னொருவருடையதைப் பார்க்காது.

பாஸ்வேர்டை எப்படி உருவாக்குவது

நீளமான குழப்பமான பாஸ்வேர்டு எனக்குப் பிடிக்காது. பயண அலுப்பில் வரும் பெரியவர்கள் அதை அடிக்கத் திணறுவார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் நாற்பது துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் ஒரு சொல். கண்ணை மூடி மூன்று எடுத்து, பின்னால் இரண்டு எண் சேர்ப்பேன். எல்லாம் சின்ன எழுத்து, நடுவே குறி எதுவும் கிடையாது. நாமே யோசித்து வைத்தால் வீட்டுப் பெயர், பிள்ளை பெயர் என்றுதான் வரும், அதனால் சீட்டு நல்லது.

சொல் தேர்வில் ஒன்று. முதலில் vaazhai என்று ஒரு சீட்டு வைத்திருந்தேன். சிலர் valai என்று அடித்தார்கள், சிலர் vazhai. ஒரே மாதிரி எழுத்து வரும் padagu, nungu, meen போன்றவற்றை மட்டும் இப்போது வைத்திருக்கிறேன்.

எல்லோருக்கும் எளிது QR. ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபையில் இணைந்துவிட்டு Share அழுத்தினால் தானே காட்டும். உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
WIFI:T:WPA;S:Mutt-Room1;P:padagumeennungu47;;
```

இதற்காக ஏதாவது வலைத்தளத்தில் போய் உங்கள் பாஸ்வேர்டை அடிக்காதீர்கள். போனே செய்யும் வேலை இது.

ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள்

எங்களுக்குக் காலை பதினொன்றுக்கு அறை காலி, மதியம் ஒன்றுக்கு அடுத்தவர் வருவார். படுக்கை விரிப்பு மாற்றும் நேரத்திலேயே இது முடிந்துவிடும்.

என் லேப்டாப் உள் நெட்வொர்க்கில் இருந்தாலும் பிரவுசரில் `192.168.1.1` திறக்கும், அங்கிருந்தே பாஸ்வேர்டை மாற்றுகிறேன். 2.4G, 5G இரண்டு பகுதியும் தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் மாற்றவேண்டும். ஒருமுறை 2.4G-இல் மட்டும் மாற்றிவிட்டேன். முந்தின நாள் வந்த காரின் டிரைவர் அடுத்த குடும்பத்தோடு திரும்பி வந்து வாசலில் நின்றபோது, அவர் போன் 5G-இல் பழைய பாஸ்வேர்டோடு தானே இணைந்துகொண்டது. சாதனப் பட்டியலில் பார்த்துத்தான் தெரிந்தது.

"அந்த ஒரு போனை மட்டும் பிளாக் பண்ணிடலாமே" என்று என் தம்பி கேட்டான். அது நிற்காது. பெட்டி ஒரு போனை அடையாளம் கண்டு பிளாக் செய்வது அதன் MAC முகவரியை வைத்துத்தான். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு மாற்று MAC முகவரியைக் காட்டுகின்றன. அந்த வைஃபையை மறந்துவிட்டுத் திரும்பச் சேரும்போதோ அமைப்பை மாற்றும்போதோ முகவரி மாறிவிடலாம். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் உறுதியான வழி. மாற்றியபின் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு எல்லாம் விழும்.

பிறகு சோதனை. இதற்கென்றே ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறேன், சிம் இல்லாதது. அதில் போன விருந்தினரின் பாஸ்வேர்டு சேமித்தபடியே இருக்கும், அழிக்கமாட்டேன். முதலில் அது தானாக இணைகிறதா என்று பார்ப்பேன், இணையக் கூடாது. இணைந்தால் எங்கோ ஒரு பகுதி மாறவில்லை என்று அர்த்தம். அப்புறம் புது பாஸ்வேர்டில் சேர்த்து, பிரவுசரில் டி.வி.ஆரின் முகவரியை அடிப்பேன். திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கவேண்டும். Cx File Explorer ஆப்பில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் லேப்டாப்பின் முகவரியைக் கொடுப்பேன். அதுவும் கிடைக்கக் கூடாது. வெறுமனே தேடவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். தேடல் தன் நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் பார்க்கும். முகவரியை நேராக அடித்ததால்தான் என் ஓட்டை எனக்குத் தெரிந்தது.

கடைசியாக டிவி. விருந்தினர் தங்கள் கணக்கில் நுழைந்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவார்கள். டிவியின் Accounts பகுதியிலும், யூடியூப் செட்டிங்ஸில் Linked devices பகுதியிலும் இருப்பதை நீக்குகிறேன். கிளம்பும்போதே "டிவியில உங்க அக்கவுன்ட் இருக்கா பாருங்க" என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. டிவியை நான் முதல் பெட்டியோடு கேபிளில் இணைத்திருக்கிறேன், பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் ரிமோட்டில் எழுத்து எழுத்தாக அடிக்கவேண்டியதில்லை. AP Isolation ஆன் செய்தால் போனிலிருந்து டிவிக்கு அனுப்புவது சில பெட்டிகளில் நின்றுபோகும். என் வீட்டில் கேபிளில் இருக்கும் டிவிக்கு அது வேலை செய்கிறது. உங்கள் வீட்டில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பின்சேர்க்கை: குளச்சலிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்கள்: "இரண்டு அறையிலும் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் கிளம்பினால் என்ன செய்வது? மாற்றினால் மற்றவருக்கும் நெட் போய்விடுமே?" நல்ல கேள்வி, எனக்கும் முதலில் இந்தத் தொல்லை இருந்தது. முதல் பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட SSID, அதாவது வைஃபை பெயர், வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல பெட்டிகளில் முடியும். நான் Mutt-Room1, Mutt-Room2 என்று இரண்டு வைத்து, காலியான அறையின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுகிறேன். பெட்டியை அணைத்துப் போடும் வேலையை மட்டும் மற்ற அறைக்காரர்கள் சூரியோதயம் பார்க்கவோ தொட்டிப்பாலம் பார்க்கவோ வெளியே போயிருக்கும் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். உங்கள் பெட்டியில் ஒரே ஒரு SSID-தான் என்றால், கேட்டுவிட்டு மாற்றி, புது QR-ஐ அவர்கள் அறைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று: இடி மின்னலில் பெட்டி போய்விட்டது, புதியது மாட்டினார்கள் என்றால் நாம் போட்ட அமைப்பு எதுவும் அதில் இருக்காது. ஐப்பசியில் எங்கள் வீட்டில் அப்படி ஆனது. மாட்ட வந்தவர் லேப்டாப்பை நேராகப் புதுப் பெட்டியில் இணைத்து, நெட் வருகிறது என்று காட்டிவிட்டுப் போனார். அன்று மாலை பழைய போனில் லேப்டாப்பின் முகவரியை அடித்தபோது அது பதில் சொன்னது. லேப்டாப்பை உள் ரௌட்டருக்கு மாற்றி, மேலே சொன்ன மூன்று வேலையையும் திரும்பச் செய்தபிறகுதான் அடுத்த விருந்தினருக்கு QR காட்டினேன்.