வீட்டில் செய்த போர்டு கேமுக்கு விதிப்புத்தகம் எழுதுவது எப்படி?

போன கோடை விடுமுறையில் ‘மடை’ என்று ஒரு ஆட்டம் செய்தேன். நடுவில் குளம், நான்கு மூலையிலும் வயல். வாய்க்கால் வரைந்த அட்டைகளை வைத்துத் தண்ணீரை யார் முதலில் தன் வயலுக்குக் கொண்டுபோகிறாரோ அவருக்கு வெற்றி. நான் கூட இருந்து சொல்லிக்கொடுத்தபோது எல்லோரும் ஜாலியாக ஆடினார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அக்கா, “விதியை எழுதிக் கொடுத்துட்டுப் போடா, நாங்களே ஆடிக்கிறோம்” என்றாள். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். நான்கு முறை திருத்தி எழுதிய பிறகுதான் முடிந்தது. நீங்களும் ஒரு ஆட்டம் செய்து வைத்திருந்தால் இது உதவும். ஆட்டத்தை உருவாக்குவது பற்றி இங்கே எதுவும் இல்லை, அது முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: சொற்களைப் பூட்டுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரதியில் “பலகையில் உள்ள ஏதாவது ஒரு அட்டையைத் திருப்பலாம்” என்று எழுதியிருந்தேன். நான் நினைத்தது, அட்டையைப் படுத்த வாக்கிலேயே கால் வட்டம் சுழற்றுவது. அக்கா மகள் அட்டையைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டாள். “திருப்பலாம்னுதானே மாமா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. தோசையைத் திருப்பினால் அது கவிழத்தானே செய்யும்!

சரி, “ஒரு சுற்று திருப்பலாம்” என்று மாற்றலாமா என்று பார்த்தால், ‘சுற்று’ ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பதையும் ‘சுற்று’ என்றே எழுதியிருந்தேன். போதாக்குறைக்கு ‘குளத்தைச் சுற்றியுள்ள கட்டங்கள்’ என்றும் ஒரு வரி இருந்தது.

மூன்றாவது ‘பக்கத்துக் கட்டம்’. மூலை மட்டும் தொடும் கட்டம் பக்கத்துக் கட்டமா, இல்லையா? அக்கா ‘ஆமாம்’ என்றாள், அத்தான் ‘இல்லை’ என்றார். இருவருக்கும் நியாயம் இருந்தது.

அதனால் விதி எழுதும் முன் ஒரு தாளில் சொற்பட்டியல் போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே சொல், ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். என்னுடையது இப்படி முடிந்தது:

- முறை: ஒரு ஆட்டக்காரர் ஒரு தடவை ஆடுவது. (‘சுற்று’ என்ற சொல் புத்தகத்தில் எங்கேயும் வராது.)
- சுழற்றுதல்: வாய்க்கால் படம் மேலே தெரியும்படியே, அட்டையை இடப்பக்கமோ வலப்பக்கமோ கால் வட்டம் நகர்த்துவது.
- ஒட்டிய கட்டம்: ஒரு முழு விளிம்பைப் பகிரும் கட்டம். மூலை மட்டும் தொட்டால் ஒட்டிய கட்டம் ஆகாது.

பள்ளியில் கட்டுரைக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே மறந்துவிட வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அலுப்பாக இருக்கிறதே என்று அடுத்த வரியில் ‘அட்டை’யைச் ‘சீட்டு’ என்று மாற்றினால், படிப்பவர் பெட்டிக்குள் சீட்டைத் தேடுவார்.

இரண்டாம் படி: ‘லாம்’ எங்கே, ‘வேண்டும்’ எங்கே

“ஒரு அட்டையை வைக்கலாம் அல்லது சுழற்றலாம்” என்று எழுதியிருந்தேன். அத்தான் இரண்டையும் செய்யாமல், “நான் விட்டுடறேன், அடுத்த ஆள் ஆடுங்க” என்றார். ‘லாம்’ என்றால் இஷ்டம்தானே. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “உங்கள் முறையில் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். முறையை விட்டுக்கொடுக்க முடியாது.” எழுதி முடித்ததும் ‘லாம்’ வரும் இடங்களை எல்லாம் தேடி ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பாதிக்கு மேல் ‘வேண்டும்’ ஆகிவிடும்.

அப்புறம், ஆட்டக்காரரை ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். ‘அவர் தன் அட்டையை அவர் வயலுக்கு’ என்று எழுதினால் யார் வயல் என்று குழம்பும்.

மூன்றாம் படி: அடுக்கும் படம்

வார்த்தையில் அரைப் பக்கம் ஓடுவதைப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். ஆனால் கட்டங்களுக்குப் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் உதாரணங்களை எழுதவே முடியாது. மடையின் பலகை ஐந்துக்கு ஐந்து:

```
1 2 3 4 5
■ · · · ■  அ
· · · · ·  ஆ
· · ● · ·  இ
· · · · ·  ஈ
■ · · · ■  உ
```

● குளம், ■ வயல். ஆக குளம் இருப்பது இ3. எழுத்துகளை வலது ஓரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல இருக்காது, இடது பக்கம் வைத்தால் வரிசைகள் கோணலாகும்.

படத்துக்குக் கீழே எண்ணிக்கை இருக்க வேண்டும்: வாய்க்கால் அட்டை 24 (நேர் 8, வளைவு 12, முச்சந்தி 4), ஆளுக்குக் கையில் 2, மீதி குப்புறக் கட்டாக. இரண்டு பேர் ஆடினால் எதிரெதிர் மூலை. மூன்று பேர் என்றால் நான்காவது வயல் தரிசு, அதற்குத் தண்ணீர் போனாலும் எதுவும் நடக்காது.

வயல்களுக்கு முதலில் சிவப்பு, பச்சை என்று வண்ணம் கொடுத்திருந்தேன். ஜெராக்ஸ் எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பல். இப்போது அ1 நெல், அ5 கரும்பு, உ5 வாழை, உ1 கடலை. வண்ணமே வேண்டாம்.

வரைய நான் இங்க்ஸ்கேப்தான் சொல்வேன், எழுத லிப்ரே ஆபீஸ் ரைட்டர். வேர்டில் பெட்டி பெட்டியாக வரைந்து அது பக்கம் தாண்டி ஓடுவதைப் பிடிக்கும் பொறுமை எனக்கு இல்லை. எதில் செய்தாலும் கடைக்குப் பிடிஎஃப் ஆக மட்டும் கொண்டுபோங்கள். நான் அசல் கோப்பைக் கொண்டுபோய், அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பத்துப் பிரதி வாங்கி வந்தேன்.

நான்காம் படி: உதாரணம்

விதி ஒரு வரி, உடனே அதன் கீழே கட்டப் பெயரோடு ஒரு உதாரணம். எளிய உதாரணத்தை எழுதி நிறுத்திவிடாதீர்கள். விதி எந்த இடத்தில் ஆளைத் தடுக்கிறதோ அந்த இடத்தைக் காட்டுங்கள்.

மடையில் ஒரு தொல்லை இருந்தது. நான் சுழற்றியதை எதிராளி பழையபடி சுழற்றுவார், நான் மறுபடி சுழற்றுவேன். இப்படியே ராத்திரி வரை போகும். கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. உங்கள் காயைப் பிடித்த எதிராளியின் காயை உடனே திருப்பிப் பிடித்துப் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. நான் வைத்த விதி: “முந்தைய முறையில் வைக்கப்பட்ட அல்லது சுழற்றப்பட்ட அட்டையை நீங்கள் சுழற்ற முடியாது.” யாருக்கு நினைவிருக்கும்? அதனால் கடைசியாகத் தொட்ட அட்டை மேல் ஒரு புளியங்கொட்டை.

புத்தகத்தில் உள்ள உதாரணம் இது:

“இ4-இல் நேர் வாய்க்கால் கிடைமட்டமாக இருக்கிறது. ஈ5-இல் நேர் வாய்க்கால் மேலும் கீழுமாக இருக்கிறது. நடுவில் இ5-இல் உள்ள வளைவு இடப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் இணைக்கிறது. வாழைக்காரர் அதை இடப்பக்கமாகக் கால் வட்டம் சுழற்றினால் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இணைந்து, தண்ணீர் இ3, இ4, இ5, ஈ5 வழியாக உ5-க்கு வந்துவிடும். ஆனால் முந்தைய முறையில் நெல்காரர் சுழற்றியது இதே இ5 அட்டையைத்தான், அதன் மேல் புளியங்கொட்டை இருக்கிறது. வாழைக்காரர் வேறு எதையாவது செய்ய வேண்டும். அப்போது கொட்டை வேறு அட்டைக்குப் போகும், நெல்காரர் விரும்பினால் இ5-ஐ மறுபடி சுழற்றலாம்.”

இதைப் படித்த பிறகு கொட்டையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஐந்தாம் படி: வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்

ஆட்டத்தைப் பார்த்தே இராத இரண்டு பேரிடம் பெட்டியையும் புத்தகத்தையும் கொடுங்கள். கேள்வி கேட்டால் “புத்தகத்துல பாருங்க” என்பதைத் தவிர எதுவும் சொல்லக்கூடாது. அவர்கள் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டும் ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விதி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். அவர்கள் கேட்காமலே தப்பாக ஆடும் இடங்களையும் குறியுங்கள், அவைதான் மோசமானவை. ஒருமுறை ஆடியவர்கள் இந்தச் சோதனைக்கு உதவமாட்டார்கள். விட்டுப்போன வரியை அவர்கள் மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

ஆறாம் படி: வில்லங்கமான இடங்கள்

அடிக்கடி வருவதை அந்தந்த விதிக்குக் கீழேயே எழுதுங்கள். எப்போதாவது வருவதைக் கடைசிப் பக்கத்தில், சண்டையில் கேட்கும் கேள்வியாகவே எழுதுங்கள். ‘ஒரே நேர இணைப்பு’ என்று தலைப்பு வைத்தால் சண்டை நடுவில் யார் தேடிக் கண்டுபிடிப்பது?

*இரண்டு வயலுக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது, யார் ஜெயித்தார்?* ஆ5, ஈ5 இரண்டிலும் நேர் வாய்க்கால் மேலும் கீழுமாக இருந்து, இ4 வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது இ5-இல் முச்சந்தி வைத்தால் இப்படி ஆகும். கரும்பு, வாழை இரண்டும் நனையும். வைத்தவர் இந்த இருவரில் ஒருவர் என்றால் அவர் மட்டும் ஜெயித்தார். வேறொருவர் வைத்திருந்தால் இருவரும் ஜெயித்தார்கள்.

*என் கையாலேயே எதிராளி வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன், திரும்ப எடுக்கலாமா?* முடியாது. அவர் ஜெயித்தார்.

பின்சேர்க்கை

மூன்றாம் பிரதியில் “அட்டைகள் எல்லாம் தீர்ந்தால் ஆட்டம் சமன்” என்று இருந்தது. இந்தப் பதிவிலும் முதலில் அப்படியே போட்டிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கருத்துப் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதினார்: “25 கட்டத்தில் குளமும் நான்கு வயலும் போனால் 20. உங்களிடம் 24 அட்டை. எப்படித் தீரும்?” தீரவே தீராது. மூன்று மாதம் ஆடியும் எங்கள் வீட்டில் யார் கண்ணிலும் இது படவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே யாராவது ஜெயித்துவிடுவார்கள். புத்தகத்தில் எண் வரும் இடங்களை எல்லாம் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

நான்காம் பிரதியில் அந்த வரி இப்படி: “கடைசிக் காலிக் கட்டம் நிரம்பியதும், நிரப்பியவருக்கு அடுத்தவரில் தொடங்கி, நிரப்பியவர் உட்பட ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை சுழற்ற வேண்டும். அதற்குள் எந்த வயலுக்கும் தண்ணீர் வராவிட்டால் ஆட்டம் சமன்.” புளியங்கொட்டை விதி அப்போதும் உண்டா என்று அதே நண்பர் மறுபடி கேட்டிருக்கிறார். உண்டு.