வாடகையை ஏற்றப்போவதாக ஓனர் சொன்னால்: உயர்வைக் குறைத்து, கூடுதல் காலம் தங்குவதாகப் பதில் எழுதுவது எப்படி?

குரோம்பேட்டையில் நாங்கள் இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 18,000 ரூபாய். ஏப்ரல் 12-ஆம் தேதி ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. மே 31-உடன் அக்ரிமென்ட் முடிகிறது, ஜூன் முதல் வாடகை 22,000, சம்மதமா என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ஒரேயடியாக 4,000 ரூபாய் உயர்வு. இதற்கு நான் என்ன பதில் எழுதினேன், அதற்கு முன் என்னென்ன பார்த்துக்கொண்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் முறையாக இப்படி ஒரு செய்தி வந்து கையைப் பிசைந்துகொண்டு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள்

அன்றே பதில் போட வேண்டாம். "பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன் சார்" என்று மட்டும் அனுப்புங்கள். அப்புறம் அக்ரிமென்ட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள்: எப்போது முடிகிறது, உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு.

காலம் முடியாமல் இருந்து, நடுவில் உயர்த்தலாம் என்று எதுவும் எழுதாமலும் இருந்தால், நீங்கள் பேரம் பேசவே தேவையில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம், வாடகையை ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் மாற்ற வேண்டும் என்கிறது. "புதுப்பிக்கும்போது 5 சதவீதம்" என்று எழுதியிருந்தால் அந்த வரியைக் காட்டினாலே போதும். என் அக்ரிமென்ட்டில் "இருவரும் பேசி முடிவு செய்த உயர்வு" என்றுதான் இருந்தது. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

தெருவில் உண்மையான வாடகை என்ன?

இணையத்தில் போட்டிருக்கும் தொகை ஓனர்கள் கேட்கும் தொகை. அதைவிட, கடைசியாக எவ்வளவுக்கு முடிந்தது என்பதுதான் நமக்கு வேண்டும். இதை வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர், சமீபத்தில் குடிவந்தவர்கள் ஆகியோரிடம் கேட்டால் தெரியும். எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில், அதே அளவு வீட்டுக்கு, பிப்ரவரியில் வந்தவர்கள் 20,500 கொடுக்கிறார்கள். அடுத்த தெருவில் 22,000 கேட்கும் ஒரு வீட்டில் "டூ லெட்" பலகை மூன்றாவது மாதமாகத் தொங்குகிறது. இந்த இரண்டு தகவலும் கிடைத்ததும் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. 22,000 கேட்கலாம், ஆனால் சீக்கிரம் கிடைக்காது.

ஓனர் பக்கத்துக் கணக்கு

பெரும்பாலானவர்கள் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். பல வருடங்களுக்கு முன் வேறொரு வீட்டில் இருந்தபோது நானும் செய்யவில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், சம்பளம் ஏறாதது எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். "அப்படியென்றால் கம்மி வாடகையில் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர் சொன்னதில் தவறில்லை. என் கஷ்டத்தைத்தான் சொன்னேன், அவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவே இல்லை.

இந்த முறை இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். நான் கொடுக்க நினைத்தது முதல் வருடம் 19,500, இரண்டாம் வருடம் 20,500. மொத்தம் 4,80,000 ரூபாய், ஒரு மாதம்கூட வீடு காலியாக இருக்காது.

நான் காலி செய்து, மேல்மாடி வாடகையான 20,500-க்கு வேறு ஆள் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும். முதல் வருடம் 11 மாத வாடகை, இரண்டாம் வருடம் 21,500 வீதம் 12 மாத வாடகை, ஆக 4,83,500. காலியாக இருக்கும் மாதத்துக்கு அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 2,000 அவர் கையிலிருந்து போகும். மிச்சம் 4,81,500. என் தொகையைவிட 1,500 ரூபாய்தான் கூடுதல். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் அவருக்கு நஷ்டம்.

அவர் கேட்கும் 22,000-க்கே ஆள் கிடைத்தால்? அடுத்த வருடம் 23,000 என்று வைத்தால், இரண்டு மாதம் காலியாக இருந்தால்கூட அவருக்கு 4,92,000 வரும். மூன்று மாதம் காலியாக இருந்தால் 4,68,000-க்கு இறங்கிவிடும். அதாவது சீக்கிரம் ஆள் கிடைத்தால் அவருக்கு லாபம்தான். இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதகமானதை மட்டும் கணக்கில் எடுத்தால் போனில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்.

பெயின்ட் செலவை நான் சேர்க்கவில்லை. சென்னையில் அதைப் பெரும்பாலும் காலி செய்பவரின் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் அது ஓனரின் நஷ்டம் ஆகாது. அட்வான்ஸ் மட்டும் வேறு விஷயம். நாங்கள் கொடுத்த 90,000-ஐ, நாங்கள் போகும் அன்று அவர் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருக்கும். கடிதத்தில் இதைச் சொல்லக் கூடாது, மிரட்டல் போலத் தெரியும். மனதில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நீண்ட காலம் இருப்போம்" என்ற சொல்லுக்கு எடை வேண்டும்

எல்லா வாடகைதாரரும் "நாங்கள் இங்கேதான் சார் இருப்போம்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று அக்ரிமென்ட்டில் இருந்தால், அந்தச் சொல்லுக்கு ஓனரிடம் எந்த மதிப்பும் இல்லை. குறைந்த உயர்வு வேண்டுமென்றால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதுதான் லாக்-இன்: இத்தனை மாதத்துக்குள் நானாகக் காலி செய்தால், அட்வான்ஸிலிருந்து இத்தனை மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. நான் 18 மாதம், இரண்டு மாத வாடகை என்று எழுதினேன்.

இது உங்கள் கழுத்திலும் விழும் கயிறு. வேலை மாற்றல் வர வாய்ப்பிருந்தால் 18 மாதம் எழுதாதீர்கள். 12 மாதம் எழுதி, அதற்கேற்பக் கொஞ்சம் கூடுதல் வாடகைக்குத் தயாராக இருங்கள். அதேபோல் ஓனரும் அந்தக் காலத்துக்குள் காலி செய்யச் சொல்லக் கூடாது, அடுத்த வருட வாடகையை மீண்டும் பேசக் கூடாது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் கட்டுப்பட்டவர் ஆவீர்கள்.

கடிதம் எழுத உட்காரும் முன், முதல் வருட வாடகைக்கு மூன்று தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் சொல்லப்போவது, முடிக்க விரும்புவது, அதைத் தாண்டினால் வீடு தேடத் தொடங்கிவிடுவது. எனக்கு அவை 19,500, 20,000, 20,500. மேல்மாடி வாடகைக்கு மேல் கொடுக்க எனக்குக் காரணம் இல்லை.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். கணக்கு முழுவதையும் கொட்டினால் பாடம் எடுப்பது போல இருக்கும். நான் அனுப்பியது இது:

> ஏப்ரல் 20
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஜூன் 1 முதல் வாடகையை 22,000 ரூபாயாக உயர்த்துவது பற்றி ஏப்ரல் 12 அன்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. வாடகை உயர வேண்டும் என்பதை ஏற்கிறோம். மூன்று வருடங்களாக வாடகையை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவருகிறோம். இதே வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்புகிறோம்.
>
> இதே கட்டிடத்தில் மேல்மாடி வீட்டுக்குப் பிப்ரவரியில் 20,500 ரூபாய்க்கு முடிந்திருக்கிறது. அதையும் நீண்ட காலம் தங்குவதையும் மனதில் வைத்து, கீழ்க்கண்டவாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> ஜூன் 1 முதல் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 19,500, இரண்டாம் வருடம் 20,500. இடையில் வேறு உயர்வு இல்லை. அட்வான்ஸ் 90,000 அப்படியே இருக்கும்.
>
> முதல் 18 மாதத்துக்குள் நாங்களாகக் காலி செய்தால், அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்பு. வாடகை ஒழுங்காக வரும்வரை இரண்டு வருடம் முடியும் முன் காலி செய்யக் கேட்பதில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டுகிறோம்.
>
> மே 5-க்குள் உங்கள் கருத்தைச் சொன்னால், பத்திர வேலையை மே மாதத்திலேயே முடித்துவிடலாம். நேரில் வந்து பேசவும் தயார்.
>
> இப்படிக்கு,
> (பெயர், வீட்டு எண், தொலைபேசி)

"உயர வேண்டும் என்பதை ஏற்கிறோம்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் மறுப்புக் கடிதமாகப் படிக்கப்படும். கையெழுத்திட்டு, அவர் நோட்டீஸ் அனுப்பிய அதே வழியில், அதாவது வாட்ஸ்அப்பிலேயே படமாக அனுப்புங்கள். அவர் பெரியவராக இருந்தால் தாளையும் நேரில் கொடுப்பது நல்லது.

அனுப்பிய பிறகு

மூன்று நாள் கழித்து ஓனர் போன் செய்தார். "21,500-க்குக் குறையாது" என்றார். அடுத்த தெருப் பலகையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "அது மூணு மாசமா காலியாத்தான் இருக்கு சார், நான் இருந்தா உங்களுக்கு ஒரு மாசம்கூட போகாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 20,000 என்றால் இரண்டாம் வருடம் 21,000 வேண்டும், அட்வான்ஸையும் ஒரு லட்சமாக ஆக்க வேண்டும் என்றார். வாடகைக்குச் சம்மதித்தேன், அட்வான்ஸுக்கு இல்லை. ஏற்கனவே ஐந்து மாத வாடகை அவரிடம் இருக்கிறது. சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. இதைச் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னேன். விட்டுவிட்டார்.

பேச்சு முடிந்த அன்றே, "இன்று பேசியபடி" என்று தொடங்கி, தொகைகளையும் மாதங்களையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போடும்வரை காத்திருந்தேன். நான்கு வாரத்தில் இருவருக்கும் வேறு வேறு ஞாபகம் வரும்.

பேச்சு இழுத்துக்கொண்டே ஜூன் வந்துவிட்டால், பழைய வாடகையை வழக்கமான தேதியில் வங்கி வழியாகவே கட்டுங்கள். நிறுத்தி வைத்தால் பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். அவசரப்பட்டு 22,000 கட்டிவிட்டால் அதுவே சம்மதம்போல ஆகிவிடும்.

பத்திரம்

வழக்கமான 11 மாத அக்ரிமென்ட்டைத் தூக்கிவைத்து அதிலேயே இரண்டு வருடம் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் லாக்-இன் வரியும் இரண்டாம் வருட வாடகையும் வழக்கு என்று வரும்போது கைகொடுக்காது. நீங்கள் இத்தனை பேசியது அந்த இரண்டு வரிகளுக்காகத்தான். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் யார் கட்டுவது என்று முன்கூட்டியே பேசுங்கள், நாங்கள் பாதிப் பாதியாகக் கட்டினோம். 2019-இல் நடப்புக்கு வந்த வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கான தளம் `tenancy.tn.gov.in`.

பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அட்வான்ஸ் தொகை 90,000 என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் வரைவில் பழைய அக்ரிமென்ட்டின் முந்தைய தொகையான 80,000-தான் தட்டச்சாகி இருந்தது. திருத்தி வாங்கியபின்தான் கையெழுத்துப் போட்டோம்.