நால்வருக்கும் நியாயமான சந்திப்பிடம்

நாங்கள் நால்வர், மூவர் வடக்கே அருகருகே, ஒருவர் தெற்குக் கோடியில். எங்கே சந்திப்பது என்ற பேச்சிலேயே நாட்கள் போயின.

முதலில் நான்கு வீடுகளின் அட்சரேகை, தீர்க்கரேகைக்குச் சராசரி எடுத்தேன். புள்ளி வடக்கே சாய்ந்தது. மூவர் பக்கம் எடை அதிகம் அல்லவா? அடுத்து, மொத்தப் பயண நேரம் குறைவான இடம் பார்த்தேன். 15, 20, 20, 75 நிமிடம், மொத்தம் 130. தெற்கு நண்பருக்கு அதே அநியாயம்தான்.

கூட்டுத்தொகையை விட்டு, நால்வரில் அதிக நேரம் யாருக்கு என்று மட்டும் பார்த்ததும் வழி பிறந்தது. இன்னொரு ரயில் சந்திப்பில் 40, 35, 45, 50. மொத்தம் 170 ஆனாலும் யாருக்கும் 50-ஐத் தாண்டவில்லை.

பலர் கவனிக்காதது ஒன்று: வரைபடச் செயலி, நேரம் குறிப்பிடாவிட்டால், தேடும் அந்த நொடியின் நிலவரத்தையே காட்டும். சனி மாலை 7 மணிக்குச் சேர வேண்டும் என்று குறித்துத் தேடினேன். இரவு 10 மணித் திரும்புதலையும் தனியே பார்த்தேன். அப்போது ரயில்கள் குறைவு. அதிலும் 60-க்குள் வந்ததால் அந்த இடமே உறுதியானது. அப்பாடா!