நேர்காணல் குழுவுக்கு: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணைத் தனியே போடுங்கள்

பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் எடுக்கிறீர்கள், குழுவில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் வருவதற்கு முன்பே யார் எதைக் கேட்பது என்று பிரித்துவிடுங்கள்: தலைமையாசிரியர் வகுப்பைச் சமாளிப்பது பற்றி, கணக்குத் துறைத் தலைவர் பாடம் பற்றி, மூன்றாமவர் பெற்றோரிடம் பேசுவது பற்றி. இல்லாவிட்டால் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதையே மூவரும் சுற்றிச் சுற்றிக் கேட்டு நேரம் போய்விடும். அடுத்தவர் பகுதியில் சந்தேகம் இருந்தால் அவர் முடித்த பிறகு ஒரு துணைக்கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.

கேட்பது ஒருவர் என்றாலும் எல்லாப் பகுதிக்கும் மூவருமே மதிப்பெண் போட வேண்டும். 1 முதல் 5 வரை போதும். ஆனால் எதற்கு எத்தனை என்று முன்பே எழுதி வையுங்கள். பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பதை எப்படிப் புரியவைப்பீர்கள் என்ற கேள்விக்கு, விதியை மட்டும் சொன்னால் 2. படம் வரைந்து, பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்றும் சொன்னால் 4. பக்கத்திலேயே அவர் சொன்னதை ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

ஆள் வெளியே போனதும் தாளை நிரப்பி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. எனக்கு இதுதான் மிக முக்கியம். "நல்லா பேசினார் இல்ல?" என்று தலைமையாசிரியர் சொன்னாலே போதும், பக்கத்தில் இருப்பவர் போட நினைத்த 3 மதிப்பெண் 4 ஆகிவிடும். அப்புறம் பேசும்போதும் இளையவர் முதலில் பேசட்டும்.

ஒரே பதிலுக்கு ஒருவர் 2, இன்னொருவர் 5 போட்டிருந்தால் சராசரி எடுத்து மூடிவிடாதீர்கள். இருவரும் குறித்த வரிகளைப் படித்துப் பாருங்கள். யாராவது பதிலின் ஒரு பகுதியைத் தவறவிட்டிருந்தால் மட்டும், பழைய எண் தெரியும்படி அடித்து, காரணம் எழுதித் திருத்தலாம்.