நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சிறு பிள்ளைகளின் காதுகளைப் பார்க்கத் தொடங்கும் இளம் மருத்துவர்களிடம் ஒரே தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். காதுக்குள் எண்ணெய் விடக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்தவற்றை இங்கே எழுதவில்லை.

கைதட்டிப் பார்த்துவிட்டு "கேட்கிறது" என்று எழுதுதல்

இன்றும் எனக்குக் கோபம் தருவது இதுதான். செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கினால், கேள்திறன் பெரும்பாலும் 20 முதல் 40 டெசிபல் வரை குறையும். அருகில் தட்டும் கையோசையோ 80 டெசிபலையும் எளிதில் எட்டிவிடுவதால், அந்தப் பிள்ளை திரும்பிப் பார்ப்பது எதையும் நிரூபிப்பதில்லை. வலியும் காய்ச்சலும் இல்லாததால் வீட்டாருக்கும் ஐயம் எழுவதில்லை.

நிலாவெளிப் பக்கமிருந்து நான்கு வயதுப் பையன் ஒருவனைத் தாய் அழைத்து வந்தார். பல தடவை காதுவலி வந்து மாறியிருந்தது. முன்பள்ளி ஆசிரியை அவன் சொல்வழி கேட்பதில்லை என்று முறையிட்டிருந்தார். வேறோரிடத்தில் கைதட்டிப் பார்த்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவன் என் முகத்தைப் பார்த்திருக்கையில் "உங்கட செருப்பு எங்கே?" என்று கேட்டேன், உடனே காட்டினான். வாயைத் தாளால் மறைத்து, அதே குரலில் சட்டையைப் பற்றிக் கேட்டபோது, தாயின் முகத்தைப் பார்த்தான். அவன் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டிருந்தான்.

செவிப்பறையின் அசைவை அளக்கும் பரிசோதனையில் இரு பக்கமும் கோடு தட்டையாக இருந்தது; கேள்திறன் பரிசோதனையில் இரண்டில் கூடுதலாகக் கேட்கும் காதிலும் 35 டெசிபல் குறைவு தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகளில் இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும் என்பதால் காத்திருந்தோம். மூன்று மாதத்தின் பின்னும் இரு காதுகளும் அப்படியே இருந்ததால்தான் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பது பற்றிப் பேசினோம். முதல் நாளே முறையாக அளந்திருந்தால், அந்தக் காத்திருப்பு அன்றே தொடங்கியிருக்கும். பேச்சு வளர வேண்டிய வயதில் அவனுக்கு அரையாண்டு வீணாகியிருக்காது.

தேங்கிய நீருக்கு அன்டிபயோட்டிக்

வேண்டாம். ஒவ்வாமை மருந்தும் மூக்கடைப்பு மருந்தும் இதற்குப் பயன்படா.

தொற்றுகளை மட்டும் எண்ணிக் குழாய் வைத்தல்

ஆறு மாதத்தில் மூன்று, அல்லது ஓராண்டில் நான்கு தொற்றுகள் வந்தால் குழாயைப் பற்றி யோசிப்பது வழக்கம். ஆனால் தொற்றுகளுக்கு இடையே நடுக்காது முற்றாகத் தெளிந்துவிடுமானால், குழாயால் கிடைக்கும் நன்மை குறைவு. ஆகவே தொற்றில்லாத நாளிலும் காதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மறுபுறம், அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம், பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளை மூன்று மாதக் கணக்கைச் சொல்லித் தாமதிக்க வைக்காமல், தொடக்கத்திலேயே நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

குழாய் வைத்த பிள்ளையைக் கடலிலிருந்து முற்றாகத் தடுத்தல்

மேலாகக் குளிக்கலாம், ஆழத்தில் மூழ்கக் கூடாது.

குழாய் விழுந்ததும் பார்ப்பதை நிறுத்துதல்

குழாய் பொதுவாக ஆறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் தானாக விழும். சிலருக்கு நீர் மறுபடியும் தேங்குவதால், அதன் பின்னரும் கேள்திறனை அளந்து பார்க்க வேண்டும்.